ஜெரோமின் கழுத்து: ஒரே தசையில் இரண்டு தேதிகள்

வத்திக்கான் ஓவியக்கூடத்தில் லியொனார்டோ டா வின்சி பாதியில் விட்டுப்போன ஒரு படம் இருக்கிறது. பாலைவனத்தில் தவம் செய்யும் புனித ஜெரோம். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் எரோணிமுஸ் என்று சொல்கிறவர்தான். ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரம், முக்கால் மீட்டர் அகலம், வால்நட் மரப்பலகை. வற்றிப்போன ஒரு கிழவர் மண்டியிட்டு, தன் மார்பிலேயே அடித்துக்கொள்ள ஒரு கல்லை ஓங்கியிருக்கிறார். எதிரே ஒரு சிங்கம். வண்ணம் ஏறியிருப்பது சில இடங்களில்தான். மற்றதெல்லாம் பழுப்புப் பூச்சும் கோடுகளும்.

இந்தப் படத்தை லியொனார்டோ 1480 வாக்கில் தொடங்கினார் என்பதில் பெரிய சண்டை இல்லை. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஜெரோமின் கழுத்தில். அந்தக் கழுத்தில் இருக்கும் ஒரு தசை, 1480இல் லியொனார்டோவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு விவரத்தைக் காட்டுகிறது. 1495இல்கூட அவருக்கு அது தெரியாது. அதற்கு அவர் கையாலேயே வரைந்த சாட்சி இருக்கிறது.

மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் பிணங்களை அறுத்துப் படித்தார்கள், அதனால் உடல்கள் உயிரோடு வரத் தொடங்கின என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். சரிதான். ஆனால் கத்தி உள்ளே போனதால் தூரிகையில் என்ன மாறியது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய இடங்கள் குறைவு. இந்தக் கழுத்து அப்படி ஒரு இடம். அதனால்தான் இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தசையைப் பற்றி முதலில்

கண்ணாடி முன் நின்று முகத்தை வலப்பக்கம் திருப்புங்கள். வலது உள்ளங்கையை வலது தாடையில் வைத்து, திருப்புவதைத் தடுங்கள். இடப்பக்கக் கழுத்தில், காதுக்குப் பின்னாலிருந்து தொண்டைக்குழியை நோக்கி ஒரு கயிறு புடைத்துக்கொண்டு வரும். மருத்துவப் பாடத்தில் அதற்கு ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்று வாய் வலிக்கும் பெயர். இங்கே கழுத்துத் தசை என்றே சொல்லிக்கொள்ளலாம். வலப்பக்கத் தசை முகத்தை இடப்பக்கம் திருப்பும், இடப்பக்கத் தசை வலப்பக்கம் திருப்பும்.

அந்தக் கயிற்றைக் கீழே பின்தொடருங்கள். மேலே ஒன்றாக இருப்பது கீழே வரும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு முனை உருண்டையான, கெட்டியான தசைநாணாக மார்பெலும்பின் உச்சியில் போய் ஒட்டுகிறது. இன்னொரு முனை தட்டையானது. அது பக்கவாட்டில் விரிந்து காறையெலும்பின் உட்பகுதியில் ஒட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில், காறையெலும்புக்குச் சற்று மேலே, விரல் நுனி அளவுக்கு ஒரு முக்கோணப் பள்ளம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்து வழியாகப் பெரிய ரத்தக்குழாயில் ஊசி போட வேண்டியிருந்தால் மருத்துவர்கள் அடையாளம் தேடுவதும் இந்த முக்கோணத்தைத்தான்.

ஒல்லியான உடம்பில் முன்முனை எல்லோருக்கும் பளிச்சென்று தெரியும். பின்முனை அப்படியில்லை. தோலுக்கும் கொஞ்சம் கொழுப்புக்கும் அடியில் தட்டையாகப் படுத்திருப்பதால், தேடினால்தான் கிடைக்கும். இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு உடனே கண்ணில் படும். தெரியாதவன் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

யூதாஸின் கழுத்து

இனி சாட்சி. மிலான் நகரத்து மடத்துச் சுவரில் 'இறுதி இராவுணவு' வரைய லியொனார்டோ ஆயத்தமாகிக்கொண்டிருந்த 1495 வாக்கில், யூதாஸின் தலைக்கு ஒரு முன்வரைவு போட்டார். சிவப்புத் தளம் பூசிய தாளில் சிவப்புச் சுண்ணக்கோலால் போட்டது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தாள்தான். இன்று இங்கிலாந்தில் விண்ட்சர் கோட்டையின் அரச சேகரிப்பில் இருக்கிறது. யூதாஸ் நம்மைவிட்டு முகத்தைத் திருப்பியிருக்கிறான். கன்னத்தின் விளிம்பும் மூக்கும் தாடையும் தெரிகின்றன. திரும்பிய வேகத்தில் கழுத்து முறுக்கி நரம்புகள் புடைத்திருக்கின்றன. பார்த்த உடனே மிரட்டுகிற வரைவு.

ஆனால் கழுத்துத் தசை கீழே வரும்போது பிரியவில்லை. ஒற்றைத் தசையாகவே இறங்கி முடிகிறது. அவ்வளவு கூர்மையான கண், அவ்வளவு முறுக்கேறிய கழுத்து, இருந்தும் இரண்டாவது முனை இல்லை.

ஜெரோமின் கழுத்தில் அது இருக்கிறது. இரண்டு முனைகளும், நடுவில் பள்ளமும், அதில் விழும் நிழலும். 1480இல் சரியாக வரைந்தவர் 1495இல் தப்பாக வரைவாரா? விண்ட்சர் சேகரிப்பின் வரைபடங்களைப் பார்த்துக்கொள்ளும் மார்ட்டின் கிளேட்டன் இந்த முரணைப் பிடித்தார். அவர் வாதம் எளிமையானது: லியொனார்டோ படத்தை 1480 வாக்கில் தொடங்கினார், ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து, உடல்களை அறுத்துப் பார்த்த பிறகு, திரும்ப எடுத்துக் கழுத்தையும் தோளையும் திருத்தினார். அப்புறம் படத்தை அகச்சிவப்புக் கதிரில் ஆராய்ந்தபோது, அடியில் இருந்த முதல் வரைவில் அந்த இரட்டைத் தசை இல்லை என்று தெரிந்தது. மேலே பின்னால் ஏறியதுதான்.

சரி, நடுவில் என்ன நடந்தது?

இரண்டு குளிர்காலங்கள்

அதற்கு முன் ஒரு விஷயத்தை ஓரமாக வைத்துவிடலாம். திருச்சபை பிணம் அறுப்பதைத் தடைசெய்திருந்தது, ஓவியர்கள் இடுகாட்டில் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தார்கள் என்ற கதை நமக்குப் பிடிக்கும். உண்மை அவ்வளவு சுவாரசியமானது இல்லை. இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் 1300களிலிருந்தே உடற்கூறியல் பாடத்துக்குப் பிணம் அறுத்துக் காட்டினார்கள். பெரும்பாலும் தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகளின் உடல்கள். ஃப்ளோரன்ஸில் ஓவியர்கள் சேர்ந்திருந்த தொழிற்சங்கமே மருத்துவர்களும் மருந்துக்கடைக்காரர்களும் இருந்த சங்கம்தான். வண்ணப்பொடி வாங்கியதும் அதே மருந்துக்கடைகளில். மருத்துவமனைக்காரர்களோடு பழக்கம் இருந்தால் வழி கிடைத்தது. கிடைக்காமல் போனதும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

லியொனார்டோ 1489இலேயே மண்டையோடுகளை ரம்பத்தால் அறுத்து அழகாக வரைந்திருக்கிறார். ஆனால் மண்டையோடு எலும்பு. அது அழுகாது, மேசையில் வைத்து நாள்கணக்கில் பார்க்கலாம். தசை அப்படியில்லை. அந்தக் காலத்தில் அவர் வரைந்த உள்ளுறுப்புகளில் பாதி, பழைய புத்தகங்களில் படித்தது. அந்தப் புத்தகங்களின் மூலவரான பண்டைய மருத்துவர் கேலன் குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்து எழுதியவர்.

திருப்பம் 1507–08 குளிர்காலத்தில் வந்தது. ஃப்ளோரன்ஸின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் ஒரு முதியவர் படுக்கையில் உட்கார்ந்திருந்தார். தனக்கு நூறு வயது தாண்டிவிட்டது, பலவீனத்தைத் தவிர உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று லியொனார்டோவிடம் பேசிக்கொண்டிருந்தார். சில மணி நேரத்தில், எந்தத் துடிப்பும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். இவ்வளவு இனிய சாவுக்கு என்ன காரணம் என்று பார்க்க அவரை அறுத்தேன் என்று லியொனார்டோ எழுதி வைத்திருக்கிறார். ரத்தக்குழாய்கள் தடித்துச் சுருங்கி அடைபட்டிருந்தன. அதன்பின் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உடலை அறுத்தபோது எல்லாம் நேர்மாறாக இருந்ததையும் குறித்திருக்கிறார்.

நம் கதைக்கு முக்கியமானது வேறொன்று. அந்தக் கிழவர் வற்றிய உடம்பு. கொழுப்பு மிகக் குறைவு. தசைகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். 1510–11இல் லியொனார்டோ வரைந்த தோளும் கழுத்தும் ஒரு ஒல்லியான முதியவருடையதுதான், பயில்வானுடையது இல்லை. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பில் மஞ்சள் கொழுப்பைச் சுரண்டியெடுக்கவே நேரம் போய்விடும்.

நேரம்தான் எதிரி. உடலைக் கெடாமல் வைக்க ஒரு வழியும் அப்போது இல்லை. அதனால் குளிர்காலம் மட்டும். மருத்துவப் பாடத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது: முதலில் அழுகுவது வயிறு, ஆகவே முதலில் வயிறு, பிறகு மார்பு, பிறகு தலை, கடைசியில் கைகால்கள். ஓவியனுக்கு வேண்டியது கைகாலும் கழுத்தும் தோளும். அவை கடைசியில் வரும். முறை வரும்போது உடல் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லியொனார்டோ தன் குறிப்பில் சொல்வது: ஒரே உடல் அவ்வளவு நாள் தாங்கவில்லை, ஆகவே உடல் உடலாக மாற்றி மாற்றி ஒவ்வொரு பகுதியாகப் போக வேண்டியிருந்தது, வித்தியாசங்களைப் பார்க்க முழுவதையும் இரண்டு முறை செய்தேன்.

அதே குறிப்பில் இந்த வேலைக்கு வர நினைப்பவனுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆசை இருந்தாலும் குமட்டல் உன்னைத் தடுக்கலாம். குமட்டலைத் தாங்கினாலும், தோலுரித்துக் கூறுபோட்ட பிணங்களோடு இரவில் தனியே இருக்கும் பயம் தடுக்கலாம். பயம் இல்லாவிட்டாலும் உனக்கு வரையத் தெரியாமல் இருக்கலாம். வரையத் தெரிந்தாலும் தொலைவுக் கணக்கு தெரியாமல் இருக்கலாம். அதுவும் தெரிந்தாலும் பொறுமை இல்லாமல் போகலாம். எனக்கு இந்த வரிசைதான் பிடித்திருக்கிறது. வயிற்றில் தொடங்கிப் பொறுமையில் முடிகிறது.

1510–11 குளிர்காலத்தில், பவியா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்த இளைஞர் மார்க்கந்தோனியோ தெல்லா தொர்ரேயின் துணை அவருக்குக் கிடைத்ததாகத் தெரிகிறது. பல்கலைக்கழகம் என்றால் உடல்களும் கிடைக்கும், அறுக்கும் கையும் கிடைக்கும். அந்தக் குளிர்காலத்தின் விளைவு 18 தாள்கள். இரண்டு பக்கமும் நெருக்கி வரைந்து, 240க்கும் மேல் வரைபடங்கள், 13,000 சொற்கள் அளவுக்குக் குறிப்புகள். இந்த ஒரு குளிர்காலத்தில் உடற்கூறியல் முழுவதையும் முடித்துவிடுவேன் என்று ஒரு மூலையில் நம்பிக்கையோடு எழுதியிருக்கிறார். முடியவில்லை. 1511இல் தெல்லா தொர்ரே கொள்ளைநோயில் இறந்துபோனார்.

தாளில் நடந்த வேலை

இந்தத் தாள்களில் தோளும் கழுத்தும் வரும் பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலில் தோலோடு இருக்கும் உடம்பு: முதியவரின் தோள், கழுத்து, கை. பிறகு தோலை நீக்கிய அதே தோள். பிறகு மேல்தசையைத் தூக்கியது, அதற்கும் கீழே உள்ளது. கடைசியில் எலும்பு. அதோடு நிற்கவில்லை. அதே தோளை முன்னிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பின்புறம் வரும்வரை வரிசையாக வரைந்திருக்கிறார். நாமே அந்த உடலைச் சுற்றி நடப்பது போல இருக்கும்.

இன்னொரு தாளில் தசைகளே இல்லை. தசை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கயிறுகள். ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்கி எங்கே ஒட்டுகிறது என்பதை மட்டும் காட்ட, அதன் நடுக்கோட்டில் ஒரு கயிறு இழுத்துவிட்டிருக்கிறார். சதை மறைக்காததால் மேலே கீழே உள்ள எல்லாத் தசைகளின் இழுப்பும் ஒரே பார்வையில் தெரிகிறது. கால் தசைகளுக்குச் செம்புக் கம்பியை வளைத்து ஒரு மாதிரி செய்து, அதைப் பார்த்து நாலு பக்கத்திலிருந்தும் வரையலாம் என்று குறிப்பு வேறு. கழுத்தெலும்பைச் சுற்றியுள்ள தசைகளைச் சொல்லும்போது அவருக்கு நினைவு வருவது கப்பலின் பாய்மரம். பல பக்கமும் கயிறு கட்டி இழுத்தால்தான் மரம் நிற்கும்.

கழுத்துத் தசையின் இரண்டாவது முனை இந்த இடத்தில்தான் பிடிபடுகிறது. கயிறாக நினைக்கும்போது, அது எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். புடைப்பாக மட்டும் பார்த்தவருக்கு அந்தக் கேள்வி வராது. புடைப்பு தொண்டைக்குழிப் பக்கம் போய் முடிந்தால் போதும். 1495இல் யூதாஸுக்கு அவர் வரைந்தது புடைப்பு. 1510இல் வரைந்தது மூன்று இடத்தில் கட்டிய ஒரு கருவி: காதுக்குப் பின்னால் ஒன்று, மார்பெலும்பில் ஒன்று, காறையெலும்பில் ஒன்று.

ஜெரோமின் கழுத்தில் அந்த முக்கோணப் பள்ளம் வந்தது அழகுக்காக இல்லை. தலை ஒரு பக்கம் திரும்ப, கை இன்னொரு பக்கம் ஓங்க, காறையெலும்பு கையோடு சேர்ந்து விலக, அதில் ஒட்டிய தசை இழுபடுகிறது. அதனால்தான் மண்டியிட்ட அந்தக் கிழவரைப் பார்க்கும்போது நம் கழுத்திலும் ஓர் இறுக்கம் தெரிகிறது.

எனக்கு இருக்கும் சந்தேகம்

வாதம் அழகாக இருக்கிறது என்பதாலேயே அதைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். ஒல்லியான கிழவர் ஒருவரை நல்ல பக்கவாட்டு வெளிச்சத்தில் உட்காரவைத்தால், அறுக்காமலேயே இரண்டு முனைகளும் தெரியும். முதலில் சொன்ன கண்ணாடிச் சோதனையே அதற்குச் சாட்சி. ஆகவே கழுத்து சரியாக இருப்பதை மட்டும் வைத்து, கத்தி பட்ட பிறகுதான் வரைந்தார் என்று முடிவுகட்ட முடியாது. யூதாஸ் வரைவில் தலை அவ்வளவு திரும்பியிருக்கிறது. அந்தக் கோணத்தில் பின்முனை மங்கிப்போயும் இருக்கலாம். படமும் லேசான பாடுபடவில்லை. யாரோ அதைப் பல துண்டாக அறுத்துவிட்டார்கள். தலையே தனியாகப் போயிருந்தது. நெப்போலியனின் மாமா கர்தினால் ஃபெஷ் ஒரு துண்டைப் பழைய சாமான் கடையிலும் தலையைத் தன் செருப்புத் தைப்பவரிடத்தில் முக்காலிப் பலகையாகவும் கண்டெடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, அறுத்து ஒட்டிய தடம் பலகையில் இருக்கிறது.

இருந்தாலும் நான் கிளேட்டன் பக்கம்தான். காரணம் கழுத்து மட்டுமல்ல, அடிவரைவில் அது இல்லாமல் மேலே இருப்பது. முதலில் ஒரு விதமாக நினைத்து, பிறகு வேறு விதமாக நினைத்த தடம் ஒரே பலகையில் இருக்கிறது. இரண்டு நினைப்புக்கும் நடுவே எத்தனை வருடம் என்பதைத்தான் யூதாஸும் 1510இன் தாள்களும் சேர்ந்து சொல்கின்றன.

வால்நட் மூட்டை, முலாம்பழ மூட்டை

கத்தி எடுத்தவன் எல்லாம் நல்ல உடல் வரைந்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ஃப்ளோரன்ஸின் அந்தோனியோ பொல்லாயுவோலோ, லியொனார்டோவுக்கு முந்தைய தலைமுறைக்காரர். தசையைப் பார்க்க நிறைய உடல்களைத் தோலுரித்தார் என்று, ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த வசாரி எழுதுகிறார். அவருடைய செப்புத்தகட்டு அச்சு ஒன்றில் பத்து நிர்வாண ஆண்கள் சண்டைபோடுகிறார்கள். வெட்டுபவன், விழுபவன், ஓங்குபவன், தடுப்பவன் எல்லோருக்கும் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் முறுக்கியிருக்கிறது. உண்மையான உடம்பில் அது நடக்காது. முழங்கையை மடக்கினால் மேற்கையின் முன்தசை திரளும், பின்தசை தளரும். இரண்டும் ஒன்றாக இறுகினால் கை அசையாமல் விறைத்து நிற்கும். அந்தப் படத்தில் எல்லோரும் விறைத்துத்தான் நிற்கிறார்கள்.

லியொனார்டோவுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. எந்த அசைவுக்கு எந்தத் தசை வீங்கும் என்று தெரிந்தவன் அதை மட்டும் காட்டுவான். மற்றவர்கள் பெரிய ஓவியனாகத் தெரிய ஆசைப்பட்டு எல்லாவற்றையும் காட்டி, மரக்கட்டை மாதிரி நளினமில்லாத உடல் வரைகிறார்கள். பார்த்தால் மனிதன் மாதிரி இருக்காது, வால்நட் மூட்டை மாதிரியோ முள்ளங்கிக் கட்டு மாதிரியோ இருக்கும் என்கிறார். மிக்கேலாஞ்சலோவை மனதில் வைத்துச் சொன்னது என்று பலர் ஊகிப்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த மூட்டைப் பட்டம் நிஜமாகவே பொருந்துவது பந்தினெல்லிக்குத்தான். அவர் 1534இல் முடித்த ஹெர்குலிஸ் சிலை இன்றும் ஃப்ளோரன்ஸின் பெரிய சதுக்கத்தில் நிற்கிறது. சுவரில் சாய்த்துவைத்த முலாம்பழ மூட்டை என்று அதை இன்னொரு சிற்பியான செல்லினி கிண்டலடித்தார். சிலையைப் பார்த்தவர்களுக்கு மறுக்கத் தோன்றாது.

ஒரு படத்தையோ சிலையையோ பார்த்து, இவன் தசையை மனப்பாடம் செய்தவனா புரிந்துகொண்டவனா என்று கண்டுபிடிக்க நான் செய்வது ஒன்றுதான். புடைத்த தசையைப் பார்ப்பதில்லை. அதற்கு எதிர்த்தசை தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

கல்லில்

மிக்கேலாஞ்சலோ பதின்வயதின் கடைசியில் ஃப்ளோரன்ஸின் சாந்தோ ஸ்பிரிதோ மடத்துக்குப் போனார். மடத்து மருத்துவமனையில் இறந்தவர்களை அறுத்துப் பார்க்க மடத்துத் தலைவர் அனுமதித்தார். நன்றிக்கு ஒரு மரச் சிலுவை செதுக்கிக் கொடுத்தார். அவருடையது என்று இன்று பெரும்பாலோர் ஏற்கும் சிலுவை ஒன்று அங்கே இருக்கிறது. அதில் தொங்கும் இயேசுவின் உடம்பு மெலிந்த, மென்மையான, கிட்டத்தட்ட தசையே தெரியாத இளைஞனின் உடம்பு. அத்தனை பிணம் பார்த்துவிட்டு வந்தவர் செய்த வேலை இது. செத்த உடம்பில் எந்தத் தசையும் இழுக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது போலிருக்கிறது.

உயிருள்ள உடம்புக்கு வந்தால் கதையே வேறு. 1501–04இல் செதுக்கிய தாவீது தன் இடப்பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறான். ஆகவே இறுகி நிற்பது வலப்பக்கக் கழுத்துத் தசை. அதே வலப்பக்கத்தில் காறையெலும்புக்கு மேலே ஒரு ரத்தநாளம் புடைத்திருப்பதை 2019இல் டேனியல் கெல்ஃப்மன் என்ற அமெரிக்க மருத்துவர் கவனித்து எழுதினார். சும்மா நிற்கும் ஆரோக்கியமான இளைஞனுக்கு அந்த நாளம் அப்படித் தெரியாது. கோலியாத்தை எதிர்கொள்ளும் பதற்றத்தில் இருப்பவனுக்குத் தெரியலாம். ரத்தம் உடலைச் சுற்றி ஓடுகிறது என்று ஆங்கில மருத்துவர் ஹார்வி நிறுவியது 1628இல். காரணம் தெரியாமலேயே அதற்கு நூறு வருடத்துக்கும் முன்னால் மிக்கேலாஞ்சலோ கல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ரோமில் இருக்கும் மோசே சிலையில் இன்னும் சின்னதாக ஒன்று. உங்கள் முன்கையை மேசையில் கவிழ்த்து வைத்துச் சுண்டுவிரலை மட்டும் தூக்குங்கள். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கத்தில், ஒரு மெல்லிய தசை துடிப்பது தெரியும். சுண்டுவிரலுக்கென்றே இருக்கும் தசை அது. மோசேயின் சுண்டுவிரல் லேசாகத் தூக்கியிருக்கிறது. முன்கையில் அந்தத் தசை இருக்கிறது. சிலையைப் பார்க்க வந்தவர் யாரும் அதைத் தேடமாட்டார். தேடாவிட்டாலும் கை உயிரோடு இருப்பதாகத் தோன்றும்.

பிற்காலத்தில் மிக்கேலாஞ்சலோ அறுப்பதை நிறுத்திக்கொண்டார். வயிறு ஒத்துழைக்கவில்லை, சாப்பிடவே முடியவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதிய கொந்திவி சொல்கிறார். லியொனார்டோவின் எச்சரிக்கைப் பட்டியலில் முதல் இடத்தில் இருந்த அதே குமட்டல்.

எங்கே நின்றது

லியொனார்டோவும் எல்லாவற்றையும் சரியாகப் பார்க்கவில்லை. 1511 வாக்கில் வரைந்த, கருப்பையில் சுருண்டிருக்கும் குழந்தை உலகப் புகழ் பெற்ற படம். குழந்தை மனிதக் குழந்தை. சுற்றியிருக்கும் நஞ்சுக்கொடி அமைப்பில் மாட்டின் சாயல். கர்ப்பிணியின் உடல் அரிதாகவே கிடைக்கும். கிடைத்தது பசு. இல்லாத இடத்தை இருந்ததை வைத்து நிரப்பினார். கழுத்திலும் தோளிலும் அப்படி நிரப்ப வேண்டிய தேவை வரவில்லை. ஒல்லியான உடல்கள் வந்துகொண்டிருந்தன.

பிறகு அதுவும் நின்றது. 1515 வாக்கில் ரோமில் இருந்தபோது, அவரோடு தகராறில் இருந்த ஒரு ஜெர்மானியக் கண்ணாடித் தொழிலாளி போப்பிடமும் மருத்துவமனையிலும் கோள் சொல்லி, உடல் அறுப்பதைத் தடுத்துவிட்டதாக லியொனார்டோ புலம்பி எழுதியிருக்கிறார். இரண்டு வருடம் கழித்துத் தன்னைப் பார்க்க வந்த ஒரு கர்தினாலிடம், முப்பதுக்கும் மேற்பட்ட உடல்களை அறுத்திருக்கிறேன் என்று சொன்னார். 1519இல் இறந்தபோது தாள்கள் சீடர் மெல்ட்சியிடம் போயின. அச்சுக்குப் போகவில்லை. 1543இல் பாசெல் நகரில் வெசாலியஸின் பெரிய உடற்கூறியல் நூல் வந்தது. ஓவியர்களும் மருத்துவர்களும் அதை வாங்கிப் படித்தார்கள். லியொனார்டோவின் தாள்கள் முழுமையாக அச்சேறியது 1900 வாக்கில்தான். தோளைச் சுற்றி நடந்து பார்த்த அந்த வரிசையிலிருந்து அவருக்குப் பின்வந்த மருத்துவம் எதையும் கற்கவில்லை.

ஜெரோம் படத்தில் கழுத்தும் தோளும் திருத்தியான பிறகும் எதிரே இருக்கும் சிங்கம் அப்படியே இருக்கிறது. அத்தனை வருடம் கழித்துப் பலகையைத் திரும்ப எடுத்தவர் ஒரு கழுத்துத் தசையின் பின்முனையைச் சேர்த்தார். சிங்கத்துக்கு வண்ணம் பூசவில்லை. இன்றுவரை அது வெறும் கோடுதான்.